கிலோமீட்டருக்கு 11 பைசா என்று நோட்டீஸில் போடலாமா? கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்

பென்னாகரம் ரோடு:

வணக்கம். தர்மபுரியில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூமில் வேலை பார்க்கிறேன். பேப்பரோடு வைத்து வீடு வீடாகப் போட ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும். கம்பெனி அனுப்பிய ஃப்ளெக்ஸில் “கிலோமீட்டருக்கு வெறும் 11 பைசா” என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கு இப்படி: பேட்டரி 3 யூனிட், ஒரு யூனிட் 4.70 ரூபாய், ஒரு சார்ஜுக்கு 125 கிலோமீட்டர்.

இதை நம்பி வண்டி எடுத்தவர்கள் இரண்டு மாதம் கழித்து ஈபி பில்லைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். ஒருவருக்கு 140 ரூபாய் கூடியிருக்கிறது, இன்னொருவருக்கு 800 ரூபாய்க்கு மேல். வண்டியோ ஒரே மாடல், ஓட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பதில் சொல்லி மாளவில்லை. முதலாளி, “நீயே ஒரு கணக்கு போடு. ஊர்க்காரன் கேள்வி கேட்டால் நிற்கிற மாதிரி இருக்கணும்” என்று சொல்லிவிட்டார்.

தினம் 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஆக 1000 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். பாலக்கோட்டிலிருந்தோ காரிமங்கலத்திலிருந்தோ தர்மபுரிக்கு வேலைக்கு வந்து போகிறவருக்கு ஏறக்குறைய அதுதான் வரும். பெட்ரோல் ஸ்கூட்டரோடு ஒப்பிட்டு ஒரே ஒரு மாதச் செலவு போட வேண்டும். எந்த எண்ணைப் போடுவது?

சும்மா ஒரு ஆள்:

விளம்பரத்தில் உண்மையா! முதலாளியை அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுங்கள், கூட்டம் வரும்.

மீட்டர் மணி:

வயரிங் வேலை செய்கிறவன் என்பதால் சொல்கிறேன். அந்த 11 பைசாவில் மூன்று எண் இருக்கிறது, மூன்றுமே இடிக்கிறது.

முதலில் 125 கிலோமீட்டர். அது சோதனைக்கூடத்தில் சான்றிதழுக்காக ஓட்டியது. நம் ரோட்டில், ஆள் ஏறி, லைட் போட்டு, 50க்கும் 60க்கும் நடுவில் ஓட்டினால் அதில் முக்கால் பங்கோ, இன்னும் குறைவாகவோதான் கிடைக்கும். 85 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 3 யூனிட். பேட்டரிக்குள் போய்ச் சேர்வது 3 யூனிட். ஈபி மீட்டர் சுவரில் இருக்கிறது, பேட்டரிக்குள் இல்லை. சார்ஜர் சுடுகிறது அல்லவா, அந்தச் சூட்டுக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள். 3 யூனிட் பேட்டரியை அடியிலிருந்து நிரப்பினால் சுவர்ப் பக்கம் 3.4 வரை ஓடும்.

85ஐ 3.4ஆல் வகுத்தால் ஒரு யூனிட்டுக்கு 25 கிலோமீட்டர். இதை என் பேச்சை நம்பிப் போட வேண்டாம். எலெக்ட்ரிக்கல் கடையில் பிளக்கில் மாட்டுகிற சின்ன யூனிட் மீட்டர் கிடைக்கும், 16 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். டெமோ வண்டியை முழுசாகச் சார்ஜ் செய்து ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பாலக்கோடு போய் வரட்டும். திரும்பவும் முழுசாகச் சார்ஜ் ஏற்றி மீட்டரில் எத்தனை யூனிட் என்று பாருங்கள். டிஸ்ப்ளேயில் காட்டும் சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். முழுசிலிருந்து முழுசு வரைக்கும் அளந்தால்தான் சரியாக வரும்.

மூன்றாவது 4.70 ரூபாய். பெரிய வில்லங்கம் அதில்தான். சாயந்திரம் எழுதுகிறேன், ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் வேலை கிடக்கிறது.

அரூர் ஆறுமுகம்:

மணி அண்ணன் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல் போட்டுவிடுவான். அதனால்தான் அவருக்கு 800 ரூபாய் ஏறியிருக்கிறது. ஸ்கூட்டர் வாங்கினால் கரண்ட் பில்லில் மாட்டிக்கொள்வோம் என்று அதனால்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள்.

காவேரிப்பட்டணம் டீச்சர்:

நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார். 100 யூனிட் இலவசம் எல்லாம் அவருக்குத்தான், எங்களுக்கு இல்லை. கிருஷ்ணகிரிக்குப் பள்ளிக்கூடம் போய் வர எலெக்ட்ரிக் வண்டி எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் மாதிரி ஆட்களுக்கு உங்கள் நோட்டீஸில் இடம் உண்டா தம்பி?

பாலக்கோடு தோட்டம்:

எதற்கு இவ்வளவு கணக்கு? கிணற்று மோட்டார் கனெக்‌ஷன் இலவசம்தானே. மோட்டார் ரூமில் ஒரு பிளக் போட்டால் கிலோமீட்டருக்கு 0 பைசா. நோட்டீஸில் அதைப் போடுங்கள், தக்காளி போடுகிற ஆள் அத்தனை பேரும் வாங்குவான்.

மீட்டர் மணி:

தோட்டத்துக்காரரே, அந்த இலவசம் பாசனத்துக்கு மட்டும். வண்டிக்கு எடுத்துப் பிடிபட்டால் அபராதம், கனெக்‌ஷனுக்கும் தலைவலி. ஷோரூம் நோட்டீஸில் அதைப் பேச்சுக்குக்கூடப் போடக் கூடாது.

இப்போது 4.70 ரூபாய்க்கு வருகிறேன். ஆறுமுகம் சொன்னதில் பாதி சரி. 500ஐத் தாண்டினால் மொத்தத்துக்கும் 8 ரூபாய் ஆகாது. வீட்டு பில்லில் இப்போது நடப்பது இதுதான். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 500க்குள் இருக்கும் வீட்டுக்கு அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த 2.35 சலுகை போய்விடும், அந்த 100 யூனிட்டும் 4.70 ஆகிவிடும். அதாவது ஒரு யூனிட் தாண்டியதற்கு 235 ரூபாய் சேர்ந்து ஏறும். அதற்கு மேல் ஓடுகிற யூனிட்டுக்கு மட்டும்தான் 8.40, அதுவும் 600 வரைக்கும். 600ஐத் தாண்டினால் படிப்படியாக இன்னும் ஏறும்.

ஸ்கூட்டருக்கு என்று ஈபிக்காரர் தனி ரேட் போடுவதில்லை. ஏற்கனவே வீட்டில் ஓடுகிற யூனிட்டின் தலைமேல் போய் உட்காருகிறது ஸ்கூட்டரின் யூனிட். ஃபேனும் ஃப்ரிட்ஜும் கீழ்ப்படியை நிரப்பிவிட்டன, ஸ்கூட்டருக்குக் கிடைப்பது மேல்படி. அதனால் “யூனிட் 4.70” என்று ஒரே எண்ணை எடுத்ததே தப்பு.

1000 கிலோமீட்டருக்கு 40 யூனிட். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் 80 யூனிட் கூடும். மூன்று வீட்டில் வைத்துப் பார்ப்போம்.

ஃபேன், லைட், டிவியோடு 80 யூனிட்டில் நிற்கும் வீடு 160 ஆகிறது. இலவசத்தில் மிச்சமிருந்த 20 யூனிட் போக 60 யூனிட்டுக்கு 2.35 ரூபாய் வீதம் 141 ரூபாய். மாதத்துக்கு 70.

320 யூனிட் ஓடும் வீடு 400 ஆகிறது. 80 யூனிட்டும் 4.70 படியில்தான், 376 ரூபாய். மாதத்துக்கு 188.

460 யூனிட் ஓடும் வீடு 540 ஆகிறது. முன்பு வந்த பில் 1,553. இனி வருவது 2,376. வித்தியாசம் 823 ரூபாய், மாதத்துக்கு 411. பில்லோடு வந்து நின்ற அந்த ஆள் இந்த வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

பென்னாகரம் ரோடு:

அண்ணா, அச்சு அசல் அவர்தான். வீட்டில் ஏசி போட்டிருக்கிறார், பழைய பில் 1,500 சொச்சம் என்றார். 140 சொன்னவர் இண்டூர்ப் பக்கம், சின்ன வீடு.

அப்படியானால் நோட்டீஸில் “70 முதல் 411 வரை” என்று போட்டுவிடவா?

ஓசூர் ஷிஃப்ட்:

நான் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட் போகிறேன், ஒரு வழி 50 கிலோமீட்டர். மாதச் செலவெல்லாம் சரி, ஒரே சார்ஜில் போய்த் திரும்ப முடியுமா? அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். கம்பெனியில் சார்ஜ் போட விட மாட்டார்கள்.

மீட்டர் மணி:

தம்பி, இங்கே பேசுவது வேறு, ஆனாலும் சொல்கிறேன். 3 யூனிட் பேட்டரியில் 100 கிலோமீட்டர் நம்பிப் போகாதே. ஓசூர் கிருஷ்ணகிரியைவிட 300 மீட்டருக்கு மேல் உயரம். ஏறுவதற்கு மட்டும் ஆறேழு கிலோமீட்டர் ஓட்டத்துக்கான கரண்ட் போகும், இறங்கும்போது அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஏற்றத்தைவிட வேகம்தான் உன்னைக் கவிழ்க்கும். நாற்கரச் சாலையில் லாரிக்குப் பயந்து 75இல் போனால் யூனிட்டுக்கு 25 கிலோமீட்டர் வராது, 20கூட வராமல் போகலாம். உனக்குப் பெரிய பேட்டரி வேண்டும், இல்லையென்றால் பஸ்.

ஓசூர் ஷிஃப்ட்:

பஸ்ஸில் போய்த்தான் இங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன் அண்ணா.

நான்கு ரோடு கண்ணன்:

பெட்ரோல் பக்கத்தையும் கொஞ்சம் நேர்மையாகப் போடுங்கள். ஷோரூம்காரர்கள் எல்லாரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு லிட்டருக்கு 35, 40 என்று போட்டுவிடுவார்கள். என் வண்டி ஹைவேயில் 52 தருகிறது, ஊருக்குள் 44, 45. தங்கள் வண்டிக்குச் சான்றிதழ் எண், எதிராளி வண்டிக்கு டிராஃபிக் எண். இந்த விளையாட்டை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மீட்டர் மணி:

கண்ணன் சொல்வது நியாயம். பெட்ரோலுக்கு 50 கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் தாராளம்தான், ஆனால் யாரும் வாயைத் திறக்க முடியாது. கணக்கும் சுலபம், 1000 கிலோமீட்டருக்கு 20 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்றால் 2,040.

“70 முதல் 411 வரை” என்று போடாதீர்கள். 411தான் உச்சம் என்று யார் சொன்னது? சரியாக 500இல் நிற்கும் வீட்டில் இந்த 80 யூனிட் ஏறினால், சலுகை போன 235, அதோடு 8.40 வீதம் 672, மொத்தம் 907. மாதத்துக்கு 453 ஆகிறது. இரண்டு ஏசி ஓடி 1000 யூனிட்டுக்கு மேல் போகும் வீட்டில் யூனிட் 11.55, அங்கே மாதத்துக்கு 462. ஆக இன்றைய கட்டணத்தில் சொந்த மீட்டர் இருக்கிற எந்த வீட்டிலும் 500ஐத் தாண்ட வழியில்லை. “அதிகபட்சம் 500 ரூபாய்” என்று ஒரே எண்ணைப் போடுங்கள். 2,040 எங்கே, 500 எங்கே. மோசமான வீட்டைக் காட்டினாலும் உங்கள் வண்டிதானே ஜெயிக்கிறது, எதற்கு 11 பைசா?

காவேரிப்பட்டணம் டீச்சர்:

எனக்கு 40 யூனிட், 8 ரூபாய், மாதம் 320. நானும் அந்த 500க்குள் வந்துவிட்டேன். ஆனால் எனக்குத் தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டம் கிடையாது, போக வர 22தான். அப்படியென்றால் பெட்ரோல் மிச்சமும் பாதிதானே?

பென்னாகரம் ரோடு:

ஆமாம் அக்கா, பாதிக்குக் கொஞ்சம் மேல். மாதம் 550 கிலோமீட்டர், 11 லிட்டர், 1,122 ரூபாய். உங்கள் கரண்ட் 22 யூனிட், 176 ரூபாய். மாதம் 946 ரூபாய் மிச்சம். எங்கள் கடையில் இந்த மாடலுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் ஆன் ரோடு வித்தியாசம் 28,000 ரூபாய். உங்களுக்கு அது திரும்ப இரண்டரை வருஷம் ஆகும். 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 500 ரூபாய் கணக்கில் பார்த்தாலும் ஒன்றரை வருஷம்.

வீட்டுக்காரரிடம் முதலில் சார்ஜ் போடச் சம்மதம் வாங்கிவிடுங்கள். வண்டி எடுத்த பிறகு அதில் சண்டை வந்த வீடுகள் உண்டு.

சும்மா ஒரு ஆள்:

நான் பென்னாகரத்துக்குள்ளேயே சுற்றுகிறவன். மார்க்கெட், டீக்கடை, பெண்ணை ஸ்கூலில் விட்டு வருவது. தினம் 10 கிலோமீட்டர்கூட இருக்காது. எனக்கு?

பென்னாகரம் ரோடு:

மாதம் 250 கிலோமீட்டர், 5 லிட்டர், 510 ரூபாய். உங்களுக்குக் கரண்ட் 50 ரூபாய் ஆகிறது என்று வைத்தாலும் மிச்சம் 460. 28,000 திரும்ப ஐந்து வருஷம். நேராகச் சொன்னால், காசுக்காக என்றால் உங்களுக்கு இந்த வண்டி வேண்டாம்.

சும்மா ஒரு ஆள்:

யோவ், நீ நிஜமாகவே ஷோரூம்காரனா?

அரூர் ஆறுமுகம்:

எல்லாம் சரி, பேட்டரியை ஏன் யாரும் தொடவில்லை? ஐந்து வருஷத்தில் பேட்டரி செத்துவிடும். புதுசு 60,000 என்று வைத்தால் மாதத்துக்கு 1,000 ரூபாய். 500ஐயும் 1,000ஐயும் கூட்டினால் 1,500. மிச்சம் 540தான். அதைப் போடாமல் நேர்மையான நோட்டீஸ் என்று சொல்லாதீர்கள்.

மீட்டர் மணி:

பேட்டரி ஒரே நாளில் சாகிற சாமான் இல்லை. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம் குறையும். 85 ஓடியது ஐந்தாறு வருஷத்தில் 65, 70க்கு வரலாம். 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 65 போதும், அவர் ஏன் மாற்றப் போகிறார்? தினம் 75 ஓட்டுகிறவருக்குத்தான் அது செலவு.

அரூர் ஆறுமுகம்:

உங்களுக்கு அப்படித் தெரிகிறது. எங்கள் ஊரில் ஒருவர் இரண்டே வருஷத்தில் பேட்டரிக்கு அலைந்தார். வாரண்டி இருந்தும் சர்வீஸ் சென்டர்க்காரர்கள் இன்று நாளை என்று இழுத்தார்கள். அந்த நாளெல்லாம் பஸ்ஸுக்குக் கொடுத்த காசை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நான்கு ரோடு கண்ணன்:

பேட்டரியைச் சேர்த்தால் பெட்ரோல் பக்கம் ஆயில், ஃபில்டர், பிளக், பெல்ட் எல்லாம் சேர்க்க வேண்டும். டயரும் பிரேக்கும் இரண்டுக்கும் உண்டு. அப்படியே போனால் நோட்டீஸ் நான்கு பக்கம் வரும், வடை மடிக்கத்தான் ஆகும். ஓட்டச் செலவு மட்டும் என்று சொல்லிவிட்டு, எதைச் சேர்க்கவில்லை என்று ஒரு வரி போடுங்கள். பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதைப் பத்திரத்தில் இருக்கிறபடி தனியாக அச்சடியுங்கள்.

பென்னாகரம் ரோடு:

டெமோ வண்டியை மணி அண்ணன் சொன்னபடியே அளந்தோம். இரண்டு பேர் ஏறிப் போனதில் யூனிட்டுக்கு 24, தனியாகப் போனதில் 27. 25 என்றே வைக்கிறேன். முதலாளியிடம் காட்டிய வாசகம் இது:

“தினம் 40 கி.மீ. ஓட்டுகிறீர்களா? மாதம் 25 நாளுக்கு 1000 கி.மீ.

பெட்ரோல் ஸ்கூட்டர்: லிட்டருக்கு 50 கி.மீ., 20 லிட்டர், லிட்டர் 102 ரூபாய். மாதம் 2,040 ரூபாய்.

எங்கள் ஸ்கூட்டர்: யூனிட்டுக்கு 25 கி.மீ., 40 யூனிட். உங்கள் வீட்டு மீட்டரில் மாதம் அதிகபட்சம் 500 ரூபாய். பல வீடுகளில் 200க்குள்.

உங்கள் கடைசி ஈபி பில்லைக் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுத் தருகிறோம்.

பெட்ரோல் விலையும் மின் கட்டணமும் இந்த மாத நிலவரப்படி. சர்வீஸ், டயர், இன்ஷூரன்ஸ், பேட்டரி இதில் சேரவில்லை. பேட்டரி வாரண்டி விவரம் பின்பக்கம்.”

10 கிலோமீட்டர் ஆட்களுக்கு ஐந்து வருஷம் ஆகும் என்ற வரியை முதலாளி வெட்டிவிட்டார். கடைக்கு வந்து கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார்.

மீட்டர் மணி:

“பல வீடுகளில் 200க்குள்” என்பதை எடுத்துவிடுங்கள், எத்தனை வீட்டில் பார்த்தீர்கள்? “இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் ஓடும் வீட்டில் 188 ரூபாய்” என்று போடுங்கள். பில்லைக் கையில் வைத்திருக்கிறவர் தன் வீடு அதற்கு மேலா கீழா என்று பார்த்துக்கொள்வார். கடை கனெக்‌ஷனில் சார்ஜ் போட்டால் இந்தக் கணக்கு செல்லாது என்பதையும் சேருங்கள். பஜாரில் பாதிப் பேர் கடையில்தான் போடுவார்கள், அங்கே இலவச யூனிட்டும் இல்லை, ரேட்டும் வேறு.

காவேரிப்பட்டணம் டீச்சர்:

சப் மீட்டர் ஆட்களுக்கும் ஒரு வரி போடுங்கள் தம்பி. “வாடகை வீடா? வீட்டுக்காரர் வாங்கும் ரேட்டை 40ஆல் பெருக்குங்கள்” என்று போதும். எங்கள் தெருவில் ஒருவர் 12 ரூபாய் வாங்குகிறார்.

பென்னாகரம் ரோடு:

12 என்றால் 480. நல்ல வேளை, 500க்குள்தான். மூன்றையும் சேர்க்கிறேன். முதலாளி வெட்டிய வரியைப் பின்பக்கம் வாரண்டிக்குக் கீழே வைக்க முடியுமா என்று இன்னொருமுறை கேட்டுப் பார்க்கிறேன். அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும், அதற்குள் யாருக்காவது வேறு ஏதாவது இடித்தால் சொல்லுங்கள்.

அரூர் ஆறுமுகம்:

பேட்டரி இடிக்கிறது. இன்னும் இடிக்கிறது.